வங்கி திருப்பியடித்த சம்பளக் கோப்பு: எங்கே பார்ப்பது, எப்படித் திருத்துவது

மலையகத்தில் பத்தாம் திகதி என்றால் சம்பளம். தோட்டத்தில் செக்ரோல் போட்டாலும் சரி, டவுனில் கடை வைத்திருந்தாலும் சரி, அந்தத் திகதியை எல்லோரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். முன்பு கவரில் காசு போட்டுக் கொடுத்த சிறிய நிறுவனங்கள்கூட இப்போது எக்செலில் ஒரு கோப்பு செய்து, வங்கியின் இணையப் பக்கத்தில் ஏற்றி, எல்லோருக்கும் ஒரே தடவையில் அனுப்புகின்றன. அந்தக் கோப்பு எட்டாம் திகதி மாலை திரும்பி வந்தால் கணக்காளருக்கு வயிறு கலங்கும்.

நான் கணக்கு எழுதும் இடம் ஹட்டனில் ஒரு தேயிலைப் பொதியிடும் நிறுவனம். வேலையாட்கள் 27 பேர். டிக்கோயா, கொட்டகலை, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். கணக்கு வைத்திருப்பது ஐந்தாறு வங்கிகளில். முதல் தடவை நான் அனுப்பிய கோப்பு ஒரே நாளில் மூன்று முறை திரும்பியது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அந்த மூன்றையும் வைத்தே இதை எழுதுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் விழும் பள்ளமும் பெரும்பாலும் இவைதான்.

முதலில்: எந்த வகைத் திருப்பல் என்று பாருங்கள்

கோப்பு ஏற்றிய உடனேயே முழுதாகத் தள்ளப்படுவது ஒரு வகை. வங்கியின் கணினி கோப்பின் வடிவத்தை மட்டும் பார்த்து, இது எனக்குப் புரியவில்லை என்று சொல்கிறது. ஒருவருக்கும் காசு போகவில்லை. உங்கள் கணக்கிலும் ஒரு சதம் குறையாது. திருத்தி மறுபடி அனுப்பலாம்.

மற்ற வகையில் கோப்பு ஏற்கப்பட்டுவிடும். காசும் கணக்கிலிருந்து போய்விடும். பிறகு ஒன்றிரண்டு பேருடையது மட்டும் திரும்பி வரும். வடிவம் சரியாக இருந்தும், போய்ச் சேர்ந்த வங்கியில் அப்படி ஒரு கணக்கு இல்லை, அல்லது அது மூடப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இங்கே முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பினால் மீதி எல்லோருக்கும் இரண்டு சம்பளம் போகும். ஆகவே எதையும் தொடுமுன் வங்கிக் கணக்கின் மீதியைப் பாருங்கள். இணையப் பக்கத்தில் அந்தக் கோப்புக்கு எதிரே என்ன நிலை எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். `Rejected` என்பது ஒன்று, `Partially processed` என்பது வேறொன்று. வங்கிக்கு வங்கி சொல் மாறும். சந்தேகமாக இருந்தால் கிளைக்கு ஒரு போன் போட்டு, முழுக் கோப்புமா திரும்பியது என்று கேட்டுவிடுவது நல்லது.

பிறகு தள்ளப்பட்ட கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் திகதியோடு "1" என்று போட்டுவிட்டு, திருத்தத்தை "2" என்ற பிரதியில் செய்யுங்கள்.

எத்தனையாவது வரி என்பதில் ஏமாறாதீர்கள்

எனக்கு வந்த முதல் செய்தி இது:

```
Line 11: Invalid account number
```

நான் எக்செலில் பதினோராம் வரிசைக்குப் போனேன். அங்கே இருந்தவரின் இலக்கம் பாஸ்புக்கில் உள்ளபடியே இருந்தது. ஆனாலும் வங்கியே சொல்கிறதே என்று, முன்னால் இருந்த பூச்சியத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன். இப்போது இரண்டு வரி பிழையென்று திரும்பியது.

போனில் பேசிய வங்கி மிஸ் பொறுமையானவர்.

"சேர், உங்க ஷீட்ல மேல தலைப்பு வரிசை இருக்கா?"

"இருக்கு மிஸ்."

"எங்க சிஸ்டம் அத எண்ணாது. லைன் பதினொன்னுன்னா பதினோராவது ஆள். உங்க ஷீட்ல பன்னிரண்டாவது வரிசைய பாருங்க."

சில வங்கிகளின் கணினி தலைப்பையும் சேர்த்து எண்ணும், சிலவற்றினது எண்ணாது. உங்களுடையது எப்படி என்று ஒரு தடவை கேட்டு, மேசையில் ஒட்டி வையுங்கள். நல்லாயிருக்கும் வரிசையைக் கெடுத்துவிடும் ஆபத்து இதில்தான் அதிகம்.

கணக்கு இலக்கம்: எக்செலில் பார்க்காதீர்கள், நோட்பேடில் பாருங்கள்

பன்னிரண்டாம் வரிசையில் எனக்கு எக்செல் காட்டியது `1.04512E+11`. அதைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும், ஏனென்றால் சம்பளக் கோப்பு திரும்புவதில் பெரும்பங்கு இந்த ஒரு நிரலால்தான்.

எக்செலுக்குக் கணக்கு இலக்கம் என்று ஒன்று தெரியாது. எண்களாகத் தெரிவதையெல்லாம் கூட்டிக் கழிக்கும் தொகை என்றே நினைக்கும். தொகையில் முன்னால் வரும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை, ஆகவே 004512345678 என்று தட்டினால் 4512345678 என்று ஆக்கிவிடும். தொகை 12 எண்களுக்குப் போனால், சாதாரண வடிவத்தில் அதைச் சுருக்கி 1.04512E+11 என்று காட்டும்.

காட்டுவது மட்டுமென்றால் பரவாயில்லை. அந்த நிரலின் வடிவத்தை மாற்றி அகலமாக்கினால் முழு எண்ணையும் திரும்பப் பார்க்கலாம், உள்ளே அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் நீங்கள், நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாக எழுதும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், திரையில் தெரிவதைத்தான் எக்செல் எழுதிவைக்கும். 104512345678 என்ற இலக்கம் கோப்பில் 1.04512E+11 என்ற எழுத்தாகவே போய்விடும். அந்தக் கோப்பை மறுபடி எக்செலில் திறந்து வடிவத்தை மாற்றினால் வருவது 104512000000. கடைசி ஆறு எண்களும் போய்விட்டன. எந்த மந்திரம் போட்டாலும் திரும்பி வராது. பாஸ்புக்கைப் பார்த்துத் தட்டவேண்டியதுதான்.

இதில் வங்கி தள்ளிவிட்டால் அது உங்களுக்கு நல்லது. 104512000000 என்பதில் சரியாக 12 எண்கள் இருப்பதால் வடிவம் பார்க்கும் கணினி அதை விட்டுவிடக்கூடும். அப்படி ஒரு கணக்கு உண்மையிலேயே இருந்தால் காசு யாரோ ஒருவருக்குப் போகும். பெயர் பொருந்தாதே, பிடித்துவிடுவார்களே என்று நம்பியிருக்காதீர்கள். வங்கிகளுக்கிடையே காசைக் கொண்டுசேர்ப்பது கணக்கு இலக்கம்தான்.

ஆகவே வழி இது. உங்கள் மூலப் பட்டியலில் கணக்கு இலக்க நிரல் முழுவதையும் தெரிவு செய்து, ஒன்றையும் தட்டுவதற்கு முன்னே அதன் வடிவத்தை `Text` என்று மாற்றுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன பூச்சியம் வராது. பிறகு ஒவ்வொருவருடைய இலக்கத்தையும் பாஸ்புக்கின் படத்தைப் பார்த்துத் தட்டுங்கள். கிளைக் குறியீட்டு நிரலுக்கும் இதே கதைதான். அது மூன்று எண்கள், 007 என்பது 7 ஆகிவிட்டால் அதற்கும் கோப்பு திரும்பும். வங்கிக் குறியீடு நான்கு எண்கள். இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135, ஹட்டன் நெஷனல் வங்கிக்கு 7083. இவை பூச்சியத்தில் தொடங்காததால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

கோப்பைச் சேமித்த பிறகு அதை இருமுறை சொடுக்கித் திறக்கவே கூடாது. திறந்தால் எக்செல்தான் வரும், பழையபடி பூச்சியத்தைத் தின்னும், கை தவறிச் சேமித்தால் முடிந்தது கதை. வலச்சொடுக்கி நோட்பேடில் திறந்து பாருங்கள். வங்கியின் கணினி பார்ப்பது அந்த உருவத்தைத்தான்.

இப்போது நீளம். வேறு வங்கிகளில் உள்ள கணக்குகளுக்கு நம் நாட்டில் சம்பளம் போவது பெரும்பாலும் சிலிப்ஸ் என்ற, வங்கிகளுக்கிடையே காசு மாற்றும் முறை வழியாக. அந்த முறையில் கணக்கு இலக்கத்துக்கு 12 இடம். ஆனால் வங்கிக்கு வங்கி இலக்கத்தின் நீளம் வேறு. குறைவான எண்கள் உள்ள இலக்கத்துக்கு முன்னால் பூச்சியம் போட்டு 12 ஆக்கச் சொல்லும் வங்கிகள் உண்டு, அதைத் தாங்களே செய்துகொள்ளும் வங்கிகளும் உண்டு. உங்களிடம் கேட்டால், கணக்கு இலக்கம் C நிரலில் இருக்கிறது என்று வைத்து, வேறொரு நிரலில் இப்படிச் செய்யலாம்:

```
=RIGHT("000000000000"&C2,12)
```

இந்தச் சூத்திரம் வசதியானது, அதனாலேயே கொஞ்சம் பயப்படவேண்டியது. ஒருவருடைய 10 எண் இலக்கத்தில் நடுவே ஒரு எண்ணை விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒன்பது எண்களுக்கு முன்னால் மூன்று பூச்சியம் போட்டு அழகாக 12 ஆக்கிக் கொடுத்துவிடும். பிழை மறைந்துவிட்டது. நேர்மாறாக, 15 எண்கள் உள்ள மக்கள் வங்கி இலக்கத்தைக் கொடுத்தால் முன்னாலிருக்கும் மூன்றை ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டிவிடும். அந்த மூன்று எண்கள் கிளையைக் குறிப்பவை. கோப்பில் அவ்வங்கி இலக்கத்தை எப்படி எழுதுவது என்று உங்கள் வங்கி கொடுத்த கோப்பு விளக்கத்தில் இருக்கும், அதைப் பார்த்துச் செய்யுங்கள், ஊகிக்காதீர்கள். எப்படியானாலும் பூச்சியம் சேர்ப்பதற்கு முன்னே நீளத்தை எண்ணிப் பாருங்கள்:

```
=LEN(C2)
```

வங்கி வாரியாகப் பட்டியலை வரிசைப்படுத்தினால் ஒரே வங்கிக்காரர்களின் நீளம் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். ஒருவருடையது மட்டும் ஒன்று குறைந்திருந்தால் எண் விட்டுப்போயிருக்கிறது. ஒன்று கூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது.

அந்தத் தெரியாத ஒன்று எங்கிருந்து வருகிறது? வாட்ஸ்அப்பில் இருந்துதான். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தன் இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். பார்வைக்கு 12 எண்கள். எண்ணினால் 13. கடைசியில் ஒரு இடைவெளி, அதுவும் சாதாரண இடைவெளி இல்லை. இடைவெளியை நீக்கும் `TRIM` போட்டாலும் போகாத ஜாதி. அதற்கு இது:

```
=SUBSTITUTE(TRIM(C2),CHAR(160),"")
```

இதற்கும் அசையாவிட்டால் நேரத்தை வீணாக்காமல் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். ஒரு இலக்கத்துக்காகச் சூத்திரம் தேடுவது கொழுந்துக் கூடையை ஒவ்வொரு இலையாகக் காலி செய்வது மாதிரி.

மொத்தம் ஒரு சதத்தால் பிசகிய கதை

கணக்கு இலக்கங்களைச் சரிசெய்து அனுப்பினேன். மூன்றாவது தடவை வந்தது இது:

```
Control total mismatch
```

பல வங்கிகள் கோப்பில் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று நீங்கள் தனியாக எழுதித் தரக் கேட்கும். வரிகளைத் தானே கூட்டிப் பார்த்து இரண்டும் ஒத்தால்தான் ஏற்கும். என் எக்செல் கூட்டிய மொத்தமும் வங்கி கூட்டிய மொத்தமும் ஒரு சதத்தால் வேறுபட்டிருந்தன. எக்செல் பிழையாகக் கூட்டுமா?

கூட்டாது. ஆனால் நாம் பார்க்காததையும் சேர்த்துக் கூட்டும். எங்களிடம் ஒரே சம்பளத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மாதம் 40,000 ரூபா, 26 நாளுக்கு. மூவரும் அந்த மாதம் ஒரு நாள் வரவில்லை. 40,000 ஐ 26 ஆல் பிரித்து 25 ஆல் பெருக்கினால் 38,461.538461 என்று போய்க்கொண்டே இருக்கும். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கையில் வருவது 35,384.615384 ரூபா. திரையில் இரண்டு தசமம் மட்டும் காட்டச் சொல்லியிருப்பதால் 35,384.62 என்று தெரிகிறது. கோப்பிலும் 35384.62 என்றே போகிறது.

வங்கி அந்த மூன்று 35384.62 ஐயும் கூட்டுகிறது: 106,153.86. என் எக்செல் உள்ளே இருக்கும் வால் எல்லாம் சேர்த்துக் கூட்டுகிறது: 106,153.846, திரையில் 106,153.85. ஒரு சதம் வித்தியாசம். 27 பேருடைய சம்பளமும் அந்த ஒரு சதத்துக்காக நின்றது.

திரையில் தசமத்தைக் குறைப்பது தொகையைக் குறைப்பதாகாது. தொகையையே வெட்டவேண்டும், அதுவும் ஒவ்வொரு படியிலும். சம்பாதித்த தொகையைக் கணக்கிடும் இடத்தில் ஒரு தடவை, 8 வீதத்தைக் கணக்கிடும் இடத்தில் ஒரு தடவை. D இல் மாதச் சம்பளம், E இல் வேலைக்கு வந்த நாட்கள், F இல் சம்பாதித்த தொகை என்று வைத்தால்:

```
=ROUND(D2/26*E2,2)
=ROUND(F2*8%,2)
```

இப்படிச் செய்தால் 38,461.54, அதில் 3,076.92 கழிந்து 35,384.62. கடைசியில் மட்டும் ஒரு `ROUND` போட்டாலும் கோப்பு போகும், ஆனால் சம்பளத் துண்டில் உள்ள மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று கழிபடாமல் நிற்கக்கூடும். அப்போது வேலையாள் துண்டைக் கொண்டுவந்து கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கும்.

உங்கள் வங்கி தொகையைச் சதத்தில் கேட்டால், அதாவது புள்ளி இல்லாமல் 3538462 என்று, நூறால் பெருக்கவேண்டும். அங்கேயும் `ROUND` வேண்டும், கையில் வரும் தொகை G இல் இருந்தால் இப்படி:

```
=ROUND(G2*100,0)
```

`INT` போடாதீர்கள். கணினி தசமங்களை வைத்திருக்கும் விதத்தால் சில தொகைகள் பெருக்கியபின் மயிரிழை குறைந்து நிற்கும், `INT` அதை ஒரு சதம் கீழே தள்ளிவிடும். எந்த வங்கி ரூபாவில் கேட்கிறது, எது சதத்தில் கேட்கிறது என்பதையும் மாற்றிக்கொள்ளாதீர்கள். இடம் மாறினால் சம்பளம் நூறு மடங்காகும், அல்லது நூறில் ஒன்றாகும்.

ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியும் வேண்டாம். சிஎஸ்வி கோப்பில் நிரல்களைப் பிரிப்பதே காற்புள்ளிதான். 35,384.62 என்று போனால் எக்செல் அதை மேற்கோள்குறிக்குள் போட்டு அனுப்பும். எல்லா வங்கிக் கணினிக்கும் அது விளங்காது, தொகை 35 என்று எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த நிரலில் தேடும்.

மீதிச் சின்னச் சின்னவை

பெயரிலும் காற்புள்ளி கூடாது, அடைப்புக்குறியும் வேண்டாம். தமிழ் எழுத்தில் பெயர் போட்டால் திரும்பும். ஆங்கில எழுத்தில், பாஸ்புக்கில் உள்ளபடி, முதலெழுத்துகளோடு எழுதுங்கள். நீளமான பெயர் கொடுக்கப்பட்ட இடத்தைத் தாண்டினால் நீங்களே சுருக்கிவிடுங்கள்.

விலகிப்போன ஆளின் விவரத்தை அழிக்கும்போது கட்டத்தை மட்டும் காலி செய்தால் வெறும் வரிசை ஒன்று அங்கேயே நிற்கும். நோட்பேடில் கடைசியில் `,,,,,` என்று தெரிந்தால் அதுதான். வங்கி அதையும் ஓர் ஆளாக எண்ணி, இலக்கமில்லை என்று முழுக் கோப்பையும் தள்ளும். வரிசையையே நீக்குங்கள்.

காசு போய்ச் சேரவேண்டிய திகதி வங்கி வேலை நாளாக இருக்கவேண்டும். போயா தினத்தைப் போட்டுவிட்டு என்ன பிழை என்று அரை நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும். திகதியை எழுதும் முறையும் வங்கி சொன்னபடி இருக்கவேண்டும். சில கணினிகளில் எக்செல் அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் போடும், 10/02 என்பது பெப்ரவரி பத்தா ஒக்டோபர் இரண்டா என்று நோட்பேடில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மறுபடி அனுப்பும்போது

போன மாதம் ஏற்கப்பட்ட கோப்பு ஒன்று இருந்தால் அதை ஒரு நோட்பேடிலும் இந்த மாதத்தை இன்னொன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிரல்களின் ஒழுங்கு, பூச்சியங்கள், திகதியின் உருவம், எல்லாம் ஒரு பார்வையில் தெரியும். என்னைக் கேட்டால் வங்கி தரும் விளக்கப் புத்தகத்தைவிட இது சீக்கிரம் வேலை செய்யும்.

திருத்திய கோப்புக்கு வேறு பெயர் வையுங்கள். ஒரே பெயரில் இரண்டாம் தடவை வரும் கோப்பை ஏற்கெனவே வந்தது என்று சில வங்கிகள் தள்ளிவிடும். அனுமதி கொடுக்கும் முதலாளியிடமும் சொல்லிவிடுங்கள். பழைய கோப்பு அவருடைய திரையில் அனுமதிக்காகக் காத்திருந்தால், இரண்டுக்கும் சேர்த்து அவர் ஒப்புதல் கொடுத்துவிடக்கூடும். பழையதை ரத்துச் செய்தபின் புதியதை ஏற்றுங்கள்.

கோப்பு ஏற்கப்பட்டபின் ஓரிருவருடையது மட்டும் திரும்பினால், அவர்களுக்கென்று ஒரு வரி, இரண்டு வரி உள்ள தனிக் கோப்பு செய்யுங்கள். குறிப்பு நிரலில் மாதத்தோடு R என்று ஓர் எழுத்துச் சேர்த்தால், மாத முடிவில் வங்கிக் கூற்றோடு ஒப்பிடும்போது எது மறுபடி அனுப்பியது என்று தெரியும். ஆனால் திரும்பிய காசு உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டதைப் பார்த்தபின்னே அனுப்புங்கள். எங்களிடம் அப்படித் திரும்பியது ஒருவருடையது. பழைய பாஸ்புக்கின் படத்தைத் தந்திருந்தார், கணக்கு மூடி இரண்டு வருடம். பதினோராம் திகதி புதியதைக் கொண்டுவந்தார், அன்றே ஒரு வரிக் கோப்பு போனது.